'சார்ட் பண்ணிடுங்க'ன்னு ஒரே வரி, ஆயிரத்துச் சொச்சம் கல்யாணப் படம்: உங்க அனுபவம் என்ன?

நெகட்டிவ்பெட்டி

ரெண்டு கேமரா, நாலு போன். எல்லாம் ஒரே ஃபோல்டர்ல ஏத்தி வந்திருக்கு. 1,460 படம், 31 வீடியோ. கூட வந்தது "இதெல்லாம் சார்ட் பண்ணிடுங்க". அவ்வளவுதான். எதன்படின்னு கேட்டதுக்குப் பதில் இல்லை, வீட்டார் மறுவீட்டுல இருக்காங்க.

நேரப்படி அடுக்கியாச்சு. இப்போ ஃபோல்டர் சொல்ற கதை இது: முதல் நாள் ராத்திரி பத்தரைக்கு வரவேற்புப் பந்தி முடியுது. நடுராத்திரி 1:22க்குத் தாலி கட்டுற வீடியோ. அப்புறம் விடியக்காலையில மாப்பிள்ளை பல் தேய்ச்சிட்டு வர்றார். அந்த ஒரு வீடியோ கண்ணுலயே நிக்குது. இது போதாதுன்னு, தாலி முடிச்சுப் படம் ரெண்டு இடத்துல வருது, நடுவுல ஏழு நிமிஷம் மேளம் வாசிக்கிறாங்க. இதைப் பார்த்தவங்க இருக்கீங்களா?

பிரேம்பிரேமா

நேரத்தை ஏன் தொடறீங்க? பெயர்ப்படி போடுங்க. கேமரா எடுக்க எடுக்க நம்பர் ஏறும், `DSC_0412`க்கு அப்புறம் `DSC_0413`. கடிகாரம் தப்பா இருந்தாலும் நம்பர் தப்பாது. போன் படங்களைத் தனி ஃபோல்டர்ல போட்டுட்டா வேலை முடிஞ்சது.

அட்சதை

பிரேம் சொல்றது ஒரே கேமரா, ஒரே கார்டு என்றால் சரி. இங்கே இரண்டு கேமரா. நம்பர் 9999 வந்ததும் மறுபடி 0001க்குப் போகும். முகூர்த்த நேரத்தில் அது நடந்தால் மெட்டி போடும் படம் பந்தக்கால் படத்துக்கு முன்னால் வந்து உட்காரும். அதைவிட மோசம், இரண்டு கேமராவிலும் `DSC_0412.JPG` இருக்கும். இரண்டாவது கார்டை அதே ஃபோல்டரில் காப்பி செய்யும்போது "மாற்றவா?" என்று கணினி கேட்கும். கை தவறி ஆமாம் என்று அழுத்தினால் முதல் கேமராவின் படம் போயே போய்விடும். அதனால் கேமராவுக்கு ஒரு ஃபோல்டர், எதைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் எண்ணிக்கை. 1,460 என்றால் முடிவிலும் 1,460 இருக்க வேண்டும்.

1:22 வீடியோவுக்கு வருகிறேன். 6:52இலிருந்து 5:30 கழித்துப் பாருங்கள், 1:22. போன்கள் வீடியோவுக்குள் நேரத்தை இந்திய நேரமாக எழுதுவதில்லை, கிரீன்விச் நேரமாக எழுதுகின்றன. படத்துக்கு அந்தச் சிக்கல் கிடையாது, மண்டபத்துக் கடிகாரம் காட்டிய நேரமே பதிவாகும். அதனால்தான் ஒரே போனில் எடுத்த படம் சரியான இடத்திலும் வீடியோ ஐந்தரை மணி நேரம் முன்னாலும் வரும். கேமரா எடுக்கும் வீடியோக்களில் பல உள்ளூர் நேரத்தையே எழுதும், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்தரை மணி கூட்டிவிடாதீர்கள். போன் வீடியோக்களை மட்டும் தனியே வைத்து, கணினியின் நேர மண்டலம் இந்தியாவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நேரத்தைப் பெயரில் ஏற்ற exiftool நிரலில் இதை ஓட்டுங்கள்:

```
exiftool -api QuickTimeUTC -d "%Y%m%d_%H%M%S_%%f.%%e" "-FileName<CreateDate" phonevideo
```

அந்த ஏழு நிமிஷம் வேறு வியாதி. இரண்டு கேமராவின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. இரண்டிலும் விழுந்திருக்கும் ஒரே நொடியைப் பிடியுங்கள். தாலி கட்டும் கணம்தான் வசதி, யாரும் அதைத் தவறவிட மாட்டார்கள். முதல் முடிச்சு ஒன்றில் 6:52:10, மற்றதில் 6:44:28 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 7:42. உடனே கூட்டிவிடாமல் வேறு ஒரு நொடியையும் பாருங்கள்: வரவேற்பில் கேக் வெட்டியது, அல்லது மெட்டி. அங்கும் 7:42 வந்தால்தான் நம்பலாம். முதல் நாள் ஒரு கணக்கும் மறுநாள் வேறு கணக்கும் வந்தால், நடுவில் யாரோ கேமரா நேரத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அப்போது நாள்வாரியாகப் பிரித்துத் திருத்த வேண்டும். சரியாகப் பன்னிரண்டு மணி தள்ளி இருந்தால், கடிகாரம் வைக்கும்போது காலை, மாலை மாறிவிட்டது. பின்தங்கிய கேமராவின் ஃபோல்டர் `camB` என்றால்:

```
exiftool "-AllDates+=0:0:0 0:7:42" camB
exiftool -d "%Y%m%d_%H%M%S_B_%%f.%%e" "-FileName<DateTimeOriginal" camB
```

முதல் வரி ஓடியதும் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் `_original` என்று முடியும் ஒரு காப்பு உருவாகும். எண்ணும்போது அதைக் கண்டு பதற வேண்டாம். புதுப் பெயரில் பழைய நம்பரை விட்டுவைத்திருக்கிறேன், காரணம் உண்டு: வீட்டார் ஏற்கெனவே "0412 பெரிசா போடுங்க" என்று யாரிடமாவது சொல்லியிருப்பார்கள்.

தாத்தா_ஆல்பம்

இதே பிரச்சினைதான் எனக்கும். தாத்தா காலத்துக் கருப்பு வெள்ளைப் படம் 210, ஸ்கேன் பண்ணி ஏத்தினேன். எல்லாத்துலயும் போன மாசத் தேதி. ஏழு நிமிஷம் கூட்டினா வருமா?

அட்சதை

வராது. அது நீங்கள் ஸ்கேன் செய்த தேதி, படம் எடுத்த தேதி அதற்குள் எங்கேயும் இல்லை. ஆல்பத்தில் எந்தப் பக்கத்தில் இருந்ததோ அந்த வரிசையைப் பெயரில் ஏற்றுங்கள், `p07_03` மாதிரி. பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையோ எழுத்தோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்து அதே நம்பரோடு வையுங்கள். பக்கம் கலைந்துபோனால் திரும்பக் கிடைக்காது.

ஆல்பம்_அக்கா

எல்லாரும் கடிகாரத்தைப் பிரிச்சு மேயறீங்க, அந்த ஒரு வரியை யாரும் படிக்கலை. நம்ம ஊர்ல "சார்ட் பண்ணு"க்கு மூணு அர்த்தம். அடுக்குறது, பிரிக்கிறது, கழிக்கிறது. நெகட்டிவ்பெட்டி தம்பி அடுக்கியிருக்கீங்க. வீட்டுக்காரங்க கேட்டது பிரிக்கிறதா இருந்தா இந்த 7:42 எல்லாம் யாருக்கும் தேவையே இல்லை.

பதில் சொல்லாத ஆளா இருந்தாலும் ஏத்தி அனுப்பின விதத்துலயே பாதி தெரிஞ்சிரும். வாய் பொளந்தது, பந்தியில இலை மட்டும் விழுந்தது, ஒரே போஸ் பதினஞ்சு தடவைன்னு அப்படியே கொட்டியிருந்தா அவங்க இன்னும் ஒண்ணையும் பார்க்கலை. கழிச்சுக் கொடுன்னு அர்த்தமா இருக்கலாம். மங்கலான படமே இல்லாம வந்தா யாரோ ஏற்கெனவே கழிச்சாச்சு, அடுக்கினா போதும். மேடையில குடும்பம் குடும்பமா நின்ன படம்தான் முக்காவாசின்னா, சொந்தக்காரங்களுக்குப் பகிர்ந்து அனுப்பத்தான் கேக்கறாங்க. பொண்ணு வீடு, மாப்பிள்ளை வீடு, நண்பர்கள், ஆபீஸ்னு பிரிக்கணும். அனுப்பினது யாருங்கறதும் பார்க்கணும். மாப்பிள்ளையோட தம்பி அனுப்பினா வாட்ஸ்அப்ல போட. அம்மா அனுப்பினா ஆல்பத்துக்கு.

ஆல்பத்துக்குன்னா இன்னொண்ணு. சென்னைப் பக்கம் வரவேற்பு முதல் நாள் சாயங்காலமே முடிஞ்சிரும், முகூர்த்தம் மறுநாள் காலை. நேரப்படி அடுக்கினா கோட்டு சூட்டுதான் முதல் பக்கம். நிறைய வீட்டுல முதல் பக்கம் பிள்ளையார், முகூர்த்தம், அப்புறம்தான் வரவேற்புன்னு கேப்பாங்க. அதனால `1_முகூர்த்தம்` `2_வரவேற்பு`ன்னு ரெண்டு ஃபோல்டர், உள்ளே மட்டும் நேரப்படி. எந்த வரிசை கேட்டாலும் ஃபோல்டர் நம்பரை மாத்தினா போதும்.

பிரேம்பிரேமா

அக்கா சொல்றது சரி, ஆனா என் பாயிண்ட் இன்னும் நிக்குது. வாட்ஸ்அப்ல வந்த படத்துல எடுத்த நேரமே இருக்காது. `IMG-20240115-WA0003.jpg`னு இருந்தா அது வாட்ஸ்அப்ல வந்த நாள், எடுத்த நாள் இல்ல. சித்தப்பா ரெண்டு நாள் கழிச்சு அனுப்பினா கல்யாணம் ரெண்டு நாள் தள்ளிப் போயிடும். அதுக்கு உங்க கமாண்ட் என்ன பண்ணும்?

அட்சதை

ஒன்றும் செய்யாது. இதில் நீங்கள் முழுக்கச் சரி. டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி மறுபடி வாங்கலாம், அப்போது நேரம் அழியாமல் வரும். அனுப்ப ஆளில்லை என்றால் படத்துக்குள்ளேதான் கடிகாரத்தைத் தேட வேண்டும்.

மணமகள் கட்டியிருப்பது கூறைப்புடவையா, அதற்கு முந்தைய பட்டா? கூறை மாற்றிவிட்டு வந்த பிறகுதான் தாலி. தாலித் தட்டு வரிசையாக எல்லோர் கையிலும் படும் படம் கட்டுவதற்கு முன். தலையிலும் தோளிலும் மஞ்சள் அரிசி ஒட்டியிருந்தால் கட்டிய பின். வகிட்டில் குங்குமம், காலில் மெட்டி, அதற்கும் பின். கேமரா படங்களில் இவை நடந்த நேரம் ஏற்கெனவே தெரியும், ஆக நேரமில்லாத படத்தைப் பத்து நிமிஷ இடைவெளிக்குள் கொண்டுவந்துவிடலாம். ஆனால் அதற்குப் பொய்யாக ஒரு நேரத்தை எழுதாதீர்கள். பெயரில் `xx` என்று ஓர் அடையாளம் போட்டு அந்த இடத்தில் செருகுங்கள். இதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும் சடங்கு, முதலில் அந்தக் கல்யாணத்தின் கேமரா படங்களை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

நெகட்டிவ்பெட்டி

கூட்டிப் பார்த்தாச்சு. தாலியில 7:42, கேக்குல 7:41. ஒரு செகண்டு பரவாயில்லைன்னு விட்டாச்சு. வீடியோ 6:52க்கு வந்து உட்கார்ந்திருச்சு. வாட்ஸ்அப் படம் 88, அதுல 60 அரிசியை வெச்சே இடம் பிடிச்சாச்சு.

இப்போ கழிக்கிறது. கண் மூடின படம் மட்டும் 170 தேறும். தூக்கிடலாமா?

பிரேம்பிரேமா

தூக்குங்க. யார் கேக்கப் போறா.

ஆல்பம்_அக்கா

தூக்கவே கூடாது. பொண்ணு மாப்பிள்ளை கண் மூடினது இருபது இருந்தா பத்தொன்பது போகட்டும், அதுக்குப் பக்கத்துலயே கண் திறந்தது இருக்கும். ஆனா மூணாவது வரிசையில ஒரு பாட்டி கண்ணை மூடிட்டு உட்கார்ந்திருப்பாங்க. வேற எந்தப் படத்துலயும் அவங்க இல்லைன்னா அதுதான் அவங்களோட ஒரே படம். முகத்துக்கு இன்னொரு படம் இருக்கான்னு பார்த்துட்டு, இருந்தா `கழித்தவை`ன்னு ஒரு ஃபோல்டர்ல தள்ளுங்க. டெலீட் அவங்க கையால நடக்கட்டும்.

அட்சதை

ஃபோல்டரில் தள்ளுவதுகூட ஒரு முடிவுதான் அக்கா. கழிக்கச் சொல்லவே இல்லையே. அந்த 170ஐ இருக்கும் இடத்திலேயே விட்டு, லைட்ரூமில் ரிஜெக்ட் கொடி மட்டும் போடுவேன். வரிசை கலையாது.

ஆல்பம்_அக்கா

கொடியை அவங்க போன்ல எப்படிப் பார்ப்பாங்க?

நெகட்டிவ்பெட்டி

இப்பதான் போன் வந்துச்சு. "பிரிச்சாச்சா, மாப்பிள்ளை வீட்டுப் படம் மட்டும் முதல்ல அனுப்பு"ன்னு. மேடைப் படத்துல ரெண்டு வீட்டாரும் சேர்ந்து நிக்கிறது 140 இருக்கு. ரெண்டு பக்கமும் காப்பி போட்டா எண்ணிக்கை 1,600 ஆகும். யாராவது வேற மாதிரி பண்ணியிருந்தா சொல்லுங்க.