அப்பாவின் நாட்குறிப்பைத் தெளிவாகப் படமெடுக்க வழி சொல்லுங்கள், அத்தை

குமரன் (ஒஸ்லோ)

அன்புள்ள அத்தைக்கு, அப்பாவின் 1984ஆம் ஆண்டு நாட்குறிப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பலாம் என்று தொடங்கினேன். ஆனால் நேரில் தடையில்லாமல் வாசிக்க முடிகிற வரிகள்கூடப் படத்தில் கலங்கித் தெரிகின்றன. ஏ5 அளவுத் தாள். மெல்லியது, நன்றாகப் பழுப்பேறிவிட்டது. அப்பா நீல மை நிரப்பிய பேனாவால் இரண்டு பக்கமும் எழுதியிருப்பதால், பின்பக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரிகிறது. மேலிருந்து எடுத்தால் கைப்பேசியின் நிழல் விழுகிறது; ஃபிளாஷ் போட்டால் நடுப்பகுதி வெளுத்துப் போகிறது. நீங்கள் நூலகத்தின் நுண்படப் பிரிவில் பணியாற்றியவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். ஆடிப்பெருக்கு நாளின் பக்கத்தை மாதிரிக்கு இணைத்திருக்கிறேன். பம்புசெட்டுக்கு பெல்ட் வாங்கிய கணக்கு அதில் இருக்கிறது. தொகை எவ்வளவு என்பதுதான் படத்தில் தெரியவில்லை.

சித்தப்பா

தம்பி, படம் எடுப்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் தாள்களைக் காப்பாற்று. நம் நிலப் பத்திரத்தை நான் லேமினேட் செய்து வைத்திருக்கிறேன், இன்றுவரை ஒரு மூலைகூட மடங்கவில்லை. அதுபோல நாட்குறிப்பையும் பிரித்து ஒவ்வொரு தாளாக லேமினேட் செய்துவிட்டால் கவலையில்லை.

செந்தில்

குமரன் அண்ணா, இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். ஏதாவது ஸ்கேனர் செயலியைப் போட்டு, கருப்பு வெள்ளை முறையைத் தேர்ந்தெடுங்கள். ஓரத்தை அதுவே வெட்டி, நிழலையும் அதுவே நீக்கிவிடும். அலுவலக ரசீதுகளை எல்லாம் நான் அப்படித்தான் அனுப்புகிறேன். தாள் வளைந்திருந்தால் மேலே ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து அழுத்திவிடுங்கள்.

அத்தை (கும்பகோணம்)

குமரா, உன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் ஒன்று: தம்பி சொல்வதுபோல லேமினேட் செய்துவிடாதே. சூடுபட்டு ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளிலிருந்து பிறகு யாராலும் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. பேனா மைக்கு அந்தச் சூடும் ஆகாது.

செந்தில் சொன்ன செயலி அச்சடித்த ரசீதுக்குச் சரியாக வரும். கருப்பு வெள்ளை முறையில் அது ஒவ்வொரு புள்ளியையும் ஒன்று கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை என்று முடிவுகட்டிவிடுகிறது. மை காய்ந்து மெலிந்த இடத்தில், அண்ணன் எழுத்தின் கால்கள் மெல்லிய நீலமாகத்தான் இருக்கின்றன. அவை வெள்ளையில் சேர்ந்து காணாமல் போகும். ஆகவே செயலி வேண்டாம், சாதாரண கேமராவிலேயே வண்ணப் படமாக எடுத்து வைத்துக்கொள். கண்ணாடித் தகடும் வேண்டாம். விளக்கு அதில் பிரதிபலிக்கும், பழைய தையலும் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

உன் சிக்கலில் பாதி, பின்பக்கத்து எழுத்துதான். மெல்லிய தாளை ஊடுருவிப் போகும் ஒளி, அடியிலுள்ள வெளிர்நிறப் பக்கத்தில் பட்டுத் திரும்பி வருவதால்தான் பின்பக்கத்து எழுத்து அவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது. எடுக்கப்போகும் தாளுக்கு அடியில் பளபளப்பில்லாத கருப்பு அட்டை ஒன்றைச் செருகு. அட்டை அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் பின்னெழுத்து மங்கிவிடும். தாளும் சற்றே சாம்பல் நிறமாகத் தெரியும். அதற்குத் திரையில் பக்கத்தின் மீது விரலை வைத்து அழுத்திக் குவியத்தைப் பூட்டி, வெளிச்சத்தை ஒரு துளி கூட்டினால் போதும். மை ஊறி மறுபக்கம் வரை வந்துவிட்ட இடங்களுக்கு மட்டும் இந்த அட்டை உதவாது.

நிழல் விழுவதும் வரிகள் வளைவதும் நீ மிக அருகிலிருந்து எடுப்பதால்தான். கைப்பேசியை ஓரடி உயரத்துக்கு ஏற்று. பக்கத்துக்குப் பக்கத்தில் கனமான புத்தகங்களை அடுக்கி, லென்ஸ் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி கைப்பேசியை அதன்மேல் படுக்க வைத்து, மூன்று வினாடி டைமரில் எடுத்தால் கை நடுக்கமும் இராது. 0.5 என்ற அகலக் கோணத்தைத் தொடாதே. அந்த உயரத்தில் பக்கம் படத்தின் பாதி நீளத்தைத்தான் நிரப்பும் என்றாலும், 12 மெகாபிக்சல் கேமராவில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 240 புள்ளிகள் கிடைக்கும். கையெழுத்தை வாசிக்க அது தாராளம்.

ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக வரட்டும். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்திவை. அறை விளக்கை அணைத்துவிடு, இல்லையென்றால் தாளின் ஒரு பாதி மஞ்சளாகவும் மறுபாதி நீலமாகவும் வரும். நாட்குறிப்பை முழுதாக விரித்து அழுத்தாமல், திறந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்க அட்டையைச் சாய்வாகத் தாங்கி நிறுத்து. முதலில் வலப்பக்கங்களை எல்லாம் எடுத்து முடித்துவிட்டு, பிறகு புத்தகத்தைத் திருப்பி இடப்பக்கங்களை எடுத்தால், ஒவ்வொரு தாளுக்கும் எல்லாவற்றையும் மாற்றி வைக்கும் வேலை மிச்சம்.

குமரன்

கருப்பு அட்டை வைத்ததுமே பெரிய மாற்றம் தெரிகிறது, அத்தை. ஆனால் இங்கே டிசம்பரில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் விடிகிறது, பிற்பகல் மூன்றரைக்குள் இருட்டிவிடுகிறது. வேலை நாள்களில் ஜன்னல் வெளிச்சமே கிடைக்காது. தாளின் பழுப்பு நிறமும் இன்னும் எழுத்தை அமுக்குகிறது.

அத்தை

அப்படியானால் ஒரே வகையான மேசை விளக்குகள் இரண்டை வாங்கி, இரண்டு பக்கமும் 45 பாகை சாய்வில், ஒரே தொலைவில் வை. எங்கள் பிரிவிலும் அதே அமைப்புதான் இருந்தது. பழுப்புக்கு வழி, படத்தின் சிவப்பு நிறப் பகுதியை மட்டும் தனியே பிரித்துப் பார்ப்பது. பழுப்புத் தாள் சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்புவதால் அது வெளுத்துத் தெரியும். நீல மை சிவப்பை உறிஞ்சுவதால் எழுத்து கறுத்துத் தெரியும். இதைக் கணினியில் எப்படிச் செய்வது என்பதைச் செந்தில் சொல்லட்டும்.

செந்தில்

செயலி வேண்டாம் என்றால் கணினிக்கு வாருங்கள், அண்ணா. ImageMagick நிறுவியிருந்தால் ஒரே வரியில் முடியும்:

```
magick pakkam.jpg -channel R -separate sivappu.png
```

மூலப் படம் அப்படியே இருக்கும். சாம்பல் நிறப் பிரதி ஒன்று தனியாக வரும்.

குமரன்

நாற்பத்தைந்து ரூபாய்! பெல்ட் விலை தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அதே பக்கத்தின் கீழே அப்பா கூட்டுறவுக் கடன் தவணையைச் சிவப்பு பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தார். அந்த வரி பிரதியில் அடியோடு காணவில்லை.

அத்தை

காணாமல்தான் போகும். சிவப்பு மை சிவப்பு ஒளியை அப்படியே திருப்பி அனுப்புகிறது, தாளும் அதையே செய்கிறது, இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அந்த வரிகளுக்குப் பச்சைப் பகுதியைப் பிரித்துப் பார். மூல வண்ணப் படத்தை வைத்துக்கொள்ளச் சொன்னதும் இதற்காகத்தான்.

செந்தில்

R இருக்கும் இடத்தில் G போட்டால் போதும்:

```
magick pakkam.jpg -channel G -separate pachai.png
```

சித்தப்பா

என் பத்திரத்தில் சார்பதிவாளரின் முத்திரை ஊதா நிறம். அதற்கு எந்த நிறம், அக்கா?

அத்தை

ஊதாவுக்குப் பச்சைதான் பொருந்தும். ஆனால் உன் பத்திரத்தின் மேலே பிளாஸ்டிக் இருக்கிறதே, விளக்கு அதில் பட்டுப் பளபளக்கும். பக்கவாட்டுச் சாய்வை நன்றாகத் தாழ்த்தி எடுத்துப் பார். எவ்வளவு தெளிவு கிடைக்கும் என்று எடுத்தால்தான் தெரியும்.

குமரன்

பச்சையில் தவணை வரி வந்துவிட்டது. மார்கழிப் பக்கங்களில் மை ஊறி இரண்டு பக்கமும் கலந்த இடம் மட்டும் பாக்கி, அத்தை. எந்த நிறத்திலும் பிரியவில்லை.

அத்தை

இரண்டு எழுத்தும் ஒரே மை என்பதால் நிறத்தால் பிரியாது. அதே தாளின் பின்பக்கத்தை எடுத்து, இடவலம் திருப்பி, இந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார். எந்தக் கோடு எந்தப் பக்கத்துக்குரியது என்று சில சொற்களுக்காவது பிடிபடலாம். இரண்டையும் எனக்கும் அனுப்பு, அண்ணன் கையெழுத்து எனக்குப் பழக்கம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பு.