வாடகை கேட்கும் மெசேஜ், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க

களியக்காவிளையில் மூன்று வீடுகள் வாடகைக்கு விட்டிருக்கிறேன். 5ஆம் தேதிக்குள் தருவதாகப் பேச்சு. இன்று 8, இரண்டு வீட்டிலிருந்து இன்னும் வரவில்லை. ஒருவருக்குப் பாறசாலையில் வேலை, சம்பளமே 7ஆம் தேதிதான். எல்லோரும் இருக்கும் குரூப்பில் போட்டால் அவர்களுக்குச் சங்கடம், அதனால் தனித்தனியாக அனுப்பப் போகிறேன்:

"வணக்கம் அண்ணா. இந்த மாத வாடகை 6,500 ரூபாய் இன்னும் வரவில்லை. அனுப்பிவிட்டீர்கள் என்றால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போடுங்கள். இல்லையென்றால் 10ஆம் தேதிக்குள் அனுப்ப முடியுமா? 🙏"

முதலில் 😊 போட்டிருந்தேன். பணம் கேட்கும்போது சிரித்தால் குத்திக்காட்டுவது போல இருக்கிறது என்று வீட்டில் சொன்னார்கள், மாற்றிவிட்டேன். கும்பிடு சரியா, கெஞ்சுவது போலத் தெரியுமா? தேதி குறிப்பிட்டது கறாராக இருக்கிறதா?