ஊதியப் பட்டியல் வழிதவறிய அறிக்கையில் ‘ரீகால்’ என்பதை எப்படி எழுதுவது?

தேன்மொழி எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நான் பணிபுரியும் நிறுவனத்தில் நிர்வாகக் குழுவுக்குப் போகும் கோப்புகள் தமிழிலேயே எழுதப்படுகின்றன. சென்ற மாதம் நேர்ந்த ஒரு தவறு குறித்து நான் எழுதிய அறிக்கையில் ஒரே ஒரு வினைச்சொல் எல்லாரையும் தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விட்டது. அந்தச் சொல்லுக்கு மாற்று வேண்டித்தான் இந்த மடல்.

கணக்குப் பிரிவில் மூவருக்கு மட்டும் போக வேண்டிய ஜூன் மாத ஊதியப் பட்டியல், விற்பனைப் பிரிவின் குழு முகவரிக்குப் போய்விட்டது. அனுப்பியவர் பெறுநர் கட்டத்தில் `sal` என்று தட்டியிருக்கிறார். `salary-desk` என்பதற்கு மேலே `sales-all` வந்து நின்றது. பார்க்காமல் எண்டரை அழுத்திவிட்டார். அப்போது மாலை மணி 5.52. இணைப்பில் 214 பேரின் பெயர், வங்கிக் கணக்கு எண், அடிப்படை ஊதியம், பிடித்தங்கள் எல்லாம் இருந்தன. கோப்புக்குக் கடவுச்சொல் இல்லை. 6.04-க்கு விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, “இது எங்களுக்கு வர வேண்டியதுதானா?” என்று கேட்ட பிறகே விஷயம் தெரிந்தது. 6.07-க்கு அவுட்லுக்கில் `Recall This Message` கொடுக்கப்பட்டது.

நான் அறிக்கையில், “6.07 மணிக்கு மின்னஞ்சல் திரும்பப் பெறப்பட்டது” என்று எழுதினேன். குழுத் தலைவர் அதைப் படித்துவிட்டு, திரும்பப் பெற்றாயிற்றே, இனி என்ன என்று கோப்பை மூடச் சொல்லிவிட்டார். உண்மை நிலை வேறு. அந்தக் குழு முகவரியில் 41 பேர். அவர்களில் எங்கள் நிறுவனத்து அஞ்சற்பெட்டிகள் 39. அவற்றில் 26-இல் அஞ்சல் நீங்கியது, 13-இல் நீங்கவில்லை. மீதி இருவர் வெளியூர் விநியோகஸ்தர்கள். அவர்களுடைய முகவரிகள் எங்கள் அமைப்பிலேயே இல்லை. அந்த ஒரு பொத்தானை அழுத்தியதை எந்தச் சொல்லால் சொன்னால், முயன்றோம் என்பது மட்டும் விளங்கும், முடித்துவிட்டோம் என்று படாமலிருக்கும்?

சுப்பிரமணியன் எழுதியது:

தேன்மொழி அவர்களுக்கு,

‘திரும்பப் பெறுதல்’ பிழையான சொல் அன்று. அது வேறு இடத்துக்குரிய சொல். வேட்புமனுவைத் திரும்பப் பெறுகிறோம், வழக்கைத் திரும்பப் பெறுகிறோம். அங்கெல்லாம் கொடுத்தவர் முடிவெடுத்தால், அதற்குரிய முறைப்படி, காரியம் நடந்துவிடும். எதிரில் இருப்பவர் அந்த மனுவை ஏற்கெனவே படித்திருக்கிறாரா இல்லையா என்பது கணக்கிலேயே வராது. அந்தப் பழக்கத்தில்தான் உங்கள் தலைவரும் வாசித்திருக்கிறார். அவர் மேல் தவறு சொல்ல மாட்டேன்.

தூதரை ஒரு நாடு திரும்ப அழைக்கிறது என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. அழைப்பது நம் செயல், வருவது அவர் செயல். அந்த இடைவெளிதான் உங்களுக்கு வேண்டியது. ஆகவே ‘மீளழைப்பு’ என்று வைக்கலாம். மீள் என்பதில் ளகர ஒற்று நெடிலையடுத்து வருவதால் இரட்டிக்காது. ‘மீள்ளழைப்பு’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம். “6.07 மணிக்கு மீளழைப்பு விடுக்கப்பட்டது” என்றால், வந்ததா என்ற கேள்வி வாசிப்பவர் மனத்தில் தானாக எழும்.

இயந்திர மொழிபெயர்ப்பில் இதே பொத்தானுக்கு ‘நினைவுகூர்’ என்று வந்ததை ஒரு முறை கண்டேன். ஊதியப் பட்டியலை 41 பேரும் நன்றாகவே நினைவுகூர்வார்கள் என்பது உண்மைதான்.

ஜெயந்தி எழுதியது:

வணக்கம். இதற்கு ஏற்கெனவே சொல் இருக்கிறதே? ‘செயல்தவிர்’ என்பது பல மென்பொருள்களில் வழங்குகிறது. எங்கள் பள்ளியில் ஜிமெயில்தான். மதிப்பெண் பட்டியலைத் தவறான வகுப்பின் பெற்றோர் குழுவுக்கு அனுப்பிவிட்டு, கீழே வந்த `Undo` என்பதை உடனே தட்டினேன், ஒருவருக்கும் போகவில்லை. அமைப்புகளில் அந்த நேரத்தை 30 நொடி என்று மாற்றிவைத்திருந்ததால் பிழைத்தேன். தேன்மொழியின் அலுவலகத்திலும் அப்படி மாற்றிவைத்தால் இந்தச் சிக்கலே வராது.

கார்த்திக் எழுதியது:

ஜெயந்தி சொல்வது வேறு, இது வேறு. ஜிமெயிலில் அஞ்சல் அந்த 30 நொடியும் நம்மிடமே நிற்கிறது. 5, 10, 20, 30 என நாம் தேர்ந்த நேரம் முடிந்த பிறகுதான் கிளம்புகிறது. கிளம்பாத ஒன்றை நிறுத்துவது தவிர்ப்பு. பெட்டிக்குள் போய் விழுந்ததை எடுப்பதற்கு அந்தச் சொல் பொருந்தாது. 15 நிமிடம் கழிந்த பின் ஜிமெயிலில் ஒன்றும் செய்திருக்க முடியாது.

அவுட்லுக்கில் மீளழைப்பு என்பது படிக்காத அஞ்சலுக்கு மட்டுமே வேலை செய்யும். பெறுநர் தம் கணினியில் அவுட்லுக்கைத் திறந்துவைத்திருக்கவும் வேண்டும். கைபேசியில் பார்ப்பவரிடம் பலிக்காது. ஆகவே ‘படியா அஞ்சல் நீக்கம்’ என்று வைத்துவிட்டால் எல்லையும் சொல்லிலேயே வந்துவிடும் அல்லவா? தேன்மொழி சொன்ன 13 பெட்டிகளும் படிக்கப்பட்டவையாகத்தான் இருக்கும்.

நசீர் எழுதியது:

நான் பல ஆண்டுகளாக அஞ்சல் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன். கார்த்திக் சொன்னது பழைய முறைக்குப் பொருந்தும். அதில் மீளழைப்பும் ஓர் அஞ்சலாகவே பெறுநரிடம் போய், அவருடைய அவுட்லுக் அதைக் கண்டு முதல் அஞ்சலை நீக்க வேண்டியிருந்தது. அதனால்தான் ‘இவர் ஓர் அஞ்சலை மீளழைக்க விரும்புகிறார்’ என்று அறிவிப்பு வந்து, அதுவரை கவனிக்காதவர்களும் தேடித் திறந்து பார்த்தார்கள். 2023 முதல் மைக்ரோசாப்ட் 365-இன் மேகக்கணிப் பெட்டிகளில் சர்வரே நேராகப் பெட்டிக்குள் போய் எடுத்துவிடுகிறது. பெறுநர் எந்தக் கருவியில் பார்க்கிறார் என்பது பொருட்டில்லை. நிர்வாகி தடுத்துவைக்காவிட்டால், படித்துவிட்ட அஞ்சலையும் எடுக்கும். ஆகவே ‘படியா அஞ்சல்’ என்று சொல்லுக்குள் வைத்துக் கட்டினால் அந்தச் சொல் பிறக்கும்போதே பழையதாகிவிடும்.

ஆனால் 13 பெட்டிகளைப் பற்றிக் கார்த்திக் ஊகித்தது சரியாக இருக்கலாம். தேன்மொழி, உங்கள் நிர்வாகியை இதை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்:

```
Get-OrganizationConfig | Format-List RecallReadMessagesEnabled
```

`False` என்று வந்தால், படித்தவற்றைத் தொடாதே என்று உங்கள் நிறுவனமே சொல்லிவைத்திருக்கிறது என்று பொருள். அந்தப் 13 பேரும் திறந்து பார்த்தவர்கள் என்பதற்கு அதுவே நல்ல தடயம்.

மீளழைப்புக்குப் பின் செய்ய வேண்டிய வேலைக்குத்தான் தனிச்சொல் இல்லாமல் நான் திண்டாடுகிறேன். அது அனுப்பியவரின் செயல் அன்று, நிர்வாகியின் செயல். எல்லாப் பெட்டிகளிலும் தேடி, கிடைத்த பிரதிகளை அழிக்கிறோம். இதில் இரண்டு இடத்தில் ஆட்கள் வழுக்குவார்கள். அனுப்பியவர் பெயரை வைத்துத் தேடினால், யாராவது அதை இன்னொருவருக்கு முன்னனுப்பியிருந்தால் அந்தப் பிரதி சிக்காது, ஏனெனில் அதில் அனுப்பியவர் வேறு ஆள். இணைப்புக் கோப்பின் பெயரை வைத்துத் தேட வேண்டும். ஆனால் அப்படித் தேடும்போது, முறையாகப் பெற வேண்டிய மூவரின் பெட்டியிலும், அனுப்பியவரின் பெட்டியிலும் இருக்கும் பிரதிகளும் சேர்ந்து சிக்கும். அவர்களை விலக்கிவைக்காமல் அழித்துவிட்டு, என்ன அனுப்பப்பட்டது என்பதற்கே சான்றில்லாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். மேலும் `SoftDelete` என்று கொடுத்தால் அஞ்சல் மீட்கக்கூடிய இடத்தில் இயல்பாக 14 நாள் கிடக்கும். பயனரே அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். `HardDelete` கொடுக்க வேண்டும்.

இதை நான் ‘களைவு’ என்று சொல்ல விரும்புகிறேன். வயலில் இறங்கி, பயிரை விட்டுவிட்டுக் களையை மட்டும் பிடுங்குவது போன்ற வேலை இது. கைபேசியில் பதிவிறக்கிய கோப்பையும், திரையைப் படமெடுத்ததையும் எந்தக் களைவும் எட்டாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 2023-இல் இயற்றப்பட்ட நம் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தற்செயலாக வெளிப்படுவதையும் தரவு மீறல் என்றே வரையறுக்கிறது. எனவே இன்னும் யார் கையில் பிரதி இருக்கிறது என்பதை மறைக்கும் எந்தச் சொல்லும் உங்கள் அறிக்கைக்கு ஆகாது.

கார்த்திக் எழுதியது:

நசீர் ஐயா, திருத்தியதற்கு நன்றி. நான் பழைய அலுவலக அனுபவத்திலிருந்து சொன்னேன். ‘படியா அஞ்சல்’ என்பதை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘மீளழைப்பு’ என்பதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. அதே அவுட்லுக்குக்குப் பக்கத்தில் டீம்ஸ் இருக்கிறது. தவறவிட்ட தொலைபேசி அழைப்புக்குத் திரும்பக் கூப்பிடுவதைத்தான் மக்கள் மீளழைப்பு என்று நினைப்பார்கள். “விற்பனைப் பிரிவுக்கு மீளழைப்பு விடுக்கப்பட்டது” என்றால், 6.04-க்குக் கூப்பிட்டவரை 6.07-க்குத் திரும்பக் கூப்பிட்டார்கள் என்றே படிக்கலாம். ‘மீள்கோரல்’ என்று வைக்கக்கூடாதா?

சுப்பிரமணியன் எழுதியது:

கார்த்திக் சொன்ன தொலைபேசிக் குழப்பம் எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். எனினும் ‘மீள்கோரல்’ என்பதில், மறுபடியும் கேட்டல் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘அஞ்சல் மீளழைப்பு’ என்று அடைமொழியோடு எழுதினால் குழப்பம் தீரும் என்பது என் எண்ணம். பொத்தானில் அவ்வளவு இடம் இருக்குமா என்பது எனக்குத் தெரியாத துறை.

‘களைவு’ எனக்குப் பிடித்திருக்கிறது. ‘களைதல்’ என்றே இருந்தாலும் குறையில்லை.

தேன்மொழி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நிர்வாகி ஓட்டிப் பார்த்தார். `False` என்றுதான் வந்தது. 13 பேரில் ஒருவர் அஞ்சலைத் தம் சொந்த முகவரிக்கு முன்னனுப்பியிருந்ததும் நேற்றுத் தெரிந்தது.

கோப்பை மீண்டும் திறக்கச் சொல்லி, அந்தப் பத்தியை இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்: “6.07 மணிக்கு அஞ்சல் மீளழைப்பு விடுக்கப்பட்டது. நிறுவனத்தின் 39 பெட்டிகளில் 26-இல் அது பலித்தது. படிக்கப்பட்டுவிட்ட 13-இல் பலிக்கவில்லை. மறுநாள் காலை, உரிய பெறுநர் மூவர், அனுப்பியவர் ஆகியோரின் பெட்டிகள் நீங்கலாக, கோப்புப் பெயர்வழித் தேடி அந்தப் 13 பிரதிகளும் களையப்பட்டன. வெளியே சென்ற பிரதிகள் மூன்று: விநியோகஸ்தர் இருவர், ஊழியர் ஒருவரின் சொந்த முகவரி. இவற்றை அழித்துவிட்டதாக எழுத்துவழி உறுதி கேட்கப்பட்டது, இருவரிடமிருந்து வந்துள்ளது. பட்டியலில் உள்ள 214 பேருக்கும் நடந்தது தெரிவிக்கப்பட்டது.”

கார்த்திக்கின் ஐயத்துக்காக ‘அஞ்சல்’ என்பதைச் சேர்த்திருக்கிறேன். ஆனால் குழுத் தலைவர் இதைப் படித்துவிட்டு, “மீளழைப்பு விடுத்தது யாரை?” என்று கேட்டார். அஞ்சலையா, அதைப் பெற்றவரையா என்பது அவருக்குப் புரியவில்லை. சுப்பிரமணியன் ஐயா இதற்கு என்ன சொல்கிறார் என்று அறிய விரும்புகிறேன். மூன்றாவது பிரதிக்கான உறுதி வரும்வரை கோப்பு என் மேசையில்தான் இருக்கும். அதற்குள் சொல்லை மாற்ற வேண்டுமானால் மாற்றலாம்.