அலுமினிய சட்டில ராத்திரி வச்ச மீன் குழம்பு: உங்களுக்கும் இப்படி ஆயிருக்கா?

மணப்பாடு மருமக
போன வாரம் நடந்தத சொல்றேன், உங்க அனுபவத்தயும் சொல்லுங்க. எங்க மாமியார் வீட்டுல மீன் குழம்புன்னா மண்சட்டிதான். நான் சென்னை வந்ததுக்கு அப்புறம் கேஸ் அடுப்புல எதுக்கு ரிஸ்க்னு அலுமினிய சட்டிலயே வச்சிட்டு இருக்கேன். முக்கால் கிலோ சாளை, எலுமிச்சை அளவு புளி, ரெண்டு தக்காளி, வழக்கமான மசாலாதான். ராத்திரி 7 மணிக்கு எறக்கினேன், சாப்பிடும்போது நல்லா இருந்துச்சு, மிச்சத்த அதே சட்டிலயே மூடி வச்சிட்டேன். காலைல 9 மணிக்கு இட்லிக்கு ஊத்தினா நாக்குல தகரத்த வச்ச மாதிரி ஒரு ருசி, குழம்பு நெறமும் சாம்பல் பூத்த மாதிரி மங்கிப் போச்சு. கெட்ட வாடை ஒண்ணும் இல்ல.

ஆச்சரியம் என்னன்னா, சட்டிய கழுவும்போது பாத்தேன், குழம்பு நின்ன அளவு வரைக்கும் உள்பக்கம் வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கு, அதுக்கு மேல பழைய கருப்பு அப்படியே இருக்கு. கோடு போட்ட மாதிரி தெரியுது. அடியில ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்னப் புள்ளிங்க வேற. மாமியார் சட்டில ரெண்டாம் நாள் குழம்பு இன்னும் ருசியா இருக்குமே, இது ஏன் இப்படி?

சேலம்காரன்
சிஸ்டர், மண்சட்டி காரத்தன்மை உள்ளது, புளியோட அமிலத்த அது சமன் பண்ணிடும், அதான் ருசி கூடுது. அலுமினியத்துல அது நடக்காது. அதோட மண்சட்டில வச்ச குழம்பு மூணு நாள் ஆனாலும் கெடாது, எங்க பாட்டி காலத்துல ஃப்ரிட்ஜா இருந்துச்சு?

பாத்திரக்கடை
எங்க அப்பா 30 வருஷம் பாத்திர வியாபாரம் பண்ணவர், கடையில நான் நின்னது 12 வருஷம். இந்தக் கம்ப்ளைண்ட் எங்களுக்கு ரொம்பப் பழக்கம். அக்கா சொன்ன அந்தக் கோட்டுலயே பதில் இருக்கு.

அக்கா, அந்தச் சட்டில வெந்நீர் காய்ச்சுவீங்களா? காய்ச்சுவீங்கன்னுதான் நெனைக்கிறேன். அலுமினியத்து மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிசான தோல் எப்பவும் இருக்கும், அதுதான் அதுக்குக் கவசம். போர் தண்ணி, உப்புத் தண்ணி கொதிக்கக் கொதிக்க அந்தத் தோல் தடிச்சு கருத்துப் போகும். அதுல புளி, தக்காளி போட்டுக் கொதிக்க விட்டா கருப்பு கரைஞ்சு போய் பாத்திரம் புதுசு மாதிரி ஆயிடும். "புளி போட்டா சட்டி பளிச்சுன்னு ஆயிடுச்சு"ன்னு கடைக்கு வந்து சந்தோஷமா சொல்வாங்க. ஆனா கரைஞ்சது எங்க போச்சு? குழம்புக்குள்ளதான். நம்ம வீட்டுல இட்லி குண்டான் தண்ணில புளிச் சக்கை ஒரு துண்டு போடுவோம்ல, குண்டான் கருக்கக் கூடாதுன்னு? அதே வேலைதான். அங்க தண்ணிய கீழ ஊத்திடுறோம், இங்க சாப்பிடுறோம், அதான் வித்தியாசம்.

அரை மணி நேரம் கொதிச்சு உடனே சாப்பிட்டா நாக்குக்குத் தெரியற அளவுக்கு ஒண்ணும் ஆகாது. உங்க குழம்பு 14 மணி நேரம் நின்னிருக்கு. தோல் போன எடத்துல உப்பு போய் உக்காந்துடுச்சுன்னா அது பரவலா அரிக்காது, ஒரே எடத்துல குத்திக் குத்தி அரிக்கும், நீங்க பாத்த புள்ளி அதுதான். ஊறுகாய், மோர், ரசம் எது நின்னாலும் இதே கதைதான்.

சேலம் அண்ணா, காரத்தன்மை விஷயம் எல்லா வீடியோலயும் வருது, ஆனா சூளையில வெந்த மண்ணு ஓடு மாதிரி, கிட்டத்தட்ட எதோடயும் சேராது. சமன் பண்ணிடும்னா குழம்புல புளிப்பே இருக்கக் கூடாதே. மண்சட்டி ஒண்ணும் சேக்கறதில்ல, எடுக்கறதும் இல்ல, அதனாலதான் மறுநாளும் குழம்பு குழம்பாவே இருக்கு.

சேலம்காரன்
சரி, புளிப்பு மேட்டர் நீங்க சொல்றது யோசிக்க வைக்குது. ஆனா மூணு நாள் கெடாம இருந்தது என் கண்ணால பாத்தது.

மானாமதுர சூளை
நான் மானாமதுரைல மண்பாண்ட வேலை செய்யற வீட்டுல பொறந்தவ. அண்ணே, மூணு நாள் இருந்தது உண்மைதான், ஆனா அத சட்டி மட்டும் பண்ணல. உங்க அப்பத்தா காலைலயும் சாயங்காலமும் குழம்ப ஒரு கொதி சுட வச்சு எறக்கிருப்பாங்க, ஈரக் கரண்டி போட விட்டிருக்க மாட்டாங்க, புளியும் உப்பும் எண்ணெயும் தூக்கலா இருந்திருக்கும். தேங்கா அரைச்சு ஊத்தின குழம்ப மண்சட்டில வச்சுட்டு சுட வைக்காம விட்டுப் பாருங்க, மறுநாள் மத்தியானமே நொரச்சுப் போயிரும். சட்டி சூடு சீக்கிரம் ஆறாதுங்கறதால வெதுவெதுன்னு ரொம்ப நேரம் நிக்கும், வெயில் காலத்துல அது கெடறதுக்குத்தான் வசதி. நான் ஆறினதும் ஃப்ரிட்ஜுல வைக்கச் சொல்லுவேன்.

குடத்துத்தண்ணி
மண்பானை பத்தி பேசறதால கேக்குறேன், ஏப்ரல்ல வாங்கின பானைல தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சு, இப்ப அடை மழைல ஒண்ணும் குளிரல, ஏமாத்திட்டாங்களா?

மானாமதுர சூளை
பானை மேல பூசின மாதிரி ஈரம் கசியுதுல்ல, அது காத்துல காஞ்சு போகும்போதுதான் உள்ள குளிரும். மழக் காத்துல காயாது, கடலோரப் புழுக்கத்துலயும் கொறச்சலாத்தான் காயும். பானை மேல தப்பில்ல தம்பி. வெயில் வந்ததும் காத்து வர்ற ஜன்னல் ஓரமா வச்சுப் பாருங்க.

ஹாஸ்டல் மெஸ்
நான் 200 பேருக்கு சமைக்கறவன். அலுமினியத்த இப்படி ஒரேடியா ஒதுக்கிடாதீங்க. சோறு வடிக்க, பால் காய்ச்ச, உருளைக்கிழங்கு வேக வைக்க, இட்லிக்கு எல்லாம் அலுமினிய தேக்சாதான், அதுல சூடு பக்கவாட்டுல சரசரன்னு ஓடும், தூக்கறதுக்கும் லேசு, அடுப்ப கொறச்சா உடனே கொதி அடங்கும், பால் பொங்கி வரும்போது அதுதான முக்கியம். மண்சட்டில பால் காய்ச்சினா அடுப்ப அணைச்சும் பொங்கி வழியும். வீட்டுல ஆசையா மண்சட்டில வெங்காயம் வதக்கினேன், நடுவுல கருகுது ஓரத்துல பச்சையா நிக்குது, மண்ணுல சூடு நெருப்பு பட்ட எடத்துலயே நிக்கும், நகரவே நகராது. மெஸ்ஸுல புளி போடற சாம்பார், ரசம், வத்தக்குழம்ப மட்டும் எவர்சில்வருக்கு மாத்திட்டோம். மண்சட்டில 200 பேருக்கு பண்ண முடியாதுல்ல.

பாத்திரக்கடை
இவர் சொல்றது ரொம்ப சரி. நம்ம ஊருல அலுமினிய பாத்திரம் வந்ததே அந்த லேசுக்கும் வெலைக்கும்தான். 1898-ல மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸ்ல சாட்டர்டன்னு ஒருத்தர்தான் இங்க அலுமினிய பாத்திரம் செய்யற தொழில ஆரம்பிச்சு வச்சார். பித்தளைல புளி வைக்கணும்னா ஈயம் பூசணும், அது தேயத் தேயத் திரும்பப் பூசணும், இதுல அந்தத் தொல்லை இல்லன்னு வாங்கினாங்க. தொல்லை இல்லன்னதும் புளியயும் அதுலயே வச்சுட்டோம்.

டயாலிசிஸ் மகள்
எங்க அப்பாவுக்கு கிட்னி வேலை செய்யல. அலுமினியத்துல புளி, தக்காளி சமைக்காதீங்கன்னு டாக்டர் தெளிவா சொன்னாங்க, ஒடம்புல சேர்றத வெளிய தள்றது கிட்னிதானாம். மத்தவங்களுக்கு கொஞ்சம் போனாலும் பெரும்பாலும் வெளிய போயிடும்னாங்க. மறதி நோய் வரும்னு சொல்றாங்களேன்னும் கேட்டேன், அது நிரூபணம் ஆகலன்னாங்க. நாங்க வெங்காயத் தயிர்ப்பச்சடி கூட இப்ப மண் கிண்ணத்துலதான். தயிர் மண் கலயத்துல கெட்டியா நிக்குது, தண்ணிய கலயம் உறிஞ்சிடுது, ஆனா ரெண்டாவது வாரம் கலயத்துலயே ஒரு புளிச்ச வாடை வந்துடுச்சு, என்ன பண்றது?

மானாமதுர சூளை
உறிஞ்சறதுதான் நல்லதும் கெட்டதும். அதனாலதான் தயிருக்கு ஒண்ணு, மீனுக்கு ஒண்ணு, மத்த குழம்புக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வைப்போம். சோப்பு போடாதீங்க, அதயும் உறிஞ்சிக்கிட்டு அடுத்த சமையல்ல கக்கும். வெந்நீர் ஊத்தி ஊற வச்சு, தேங்கா நார்ல கடலை மாவு தொட்டுத் தேச்சு, முழு வெயில்ல ரெண்டு நாள் கவுக்காம நிமித்திக் காய வைங்க. உள்ள ஈரத்தோட அலமாரில மூடி வச்சா பூஞ்சை புடிக்கும்.

புதுச் சட்டி வாங்கறவங்களுக்கு: சுண்டிப் பாருங்க, கணீர்னு கேக்கணும், சொத்துன்னு கேட்டா எங்கயோ கீறல் இருக்கு. ஈர வெரல்ல உள்பக்கம் தேச்சா சாயம் ஒட்டுனா அதுல சமைக்க வேணாம். ஒரு நாள் பூரா தண்ணில ஊறட்டும், அப்புறம் மூணு நாள் வடிகஞ்சி ஊத்தி சிறு தீயில கொதிக்க விடுங்க. கஞ்சி பொடித் துவாரத்துல போய் அடைச்சுக்கும். வெளிப்பக்கம் வேர்க்கறது நின்னா சட்டி பழகிடுச்சுன்னு அர்த்தம். எப்பவும் சிறு தீயில ஆரம்பிங்க, சூடா எறக்கினத ஈர கிரானைட் மேல வச்சீங்கன்னா அடி விட்டுப் போயிரும்.

மணப்பாடு மருமக
எல்லாருக்கும் நன்றி. பாத்திரக்கடை தம்பி, ஆமா, தெனமும் அதுலதான் குளிக்க வெந்நீர் போட்டேன்! மாமியார்கிட்ட பழகின சட்டி ஒண்ணு கேட்டு வாங்கி ஞாயித்துக்கெழம ஒரே குழம்ப கூட்டி, ரெண்டாப் பிரிச்சு, ரெண்டு சட்டிலயும் கொதிக்க வச்சேன். அன்னைக்கு மத்தியானம் வீட்டுல யாராலயும் ருசில வித்தியாசம் சொல்ல முடியல. ஆனா மண்சட்டில மீன் ஒடஞ்சு முள்ளா போச்சு. மறுநாள் காலைல அலுமினியத்துல அதே தகர ருசி, மண்சட்டில இல்ல, குழம்பும் நல்லா எண்ணெய் பிரிஞ்சு கெட்டியா நின்னுச்சு.

மானாமதுர சூளை
மீன் ஒடஞ்சது அணைக்கற நேரத்துல. அலுமினியத்துல மீன் வெந்ததும் அணைக்கணும், மண்சட்டில மீன் முக்கால் பதம் வந்ததுமே அணைச்சுடணும். அதுக்கப்புறமும் அஞ்சு நிமிஷம் தளதளன்னு கொதிச்சுக்கிட்டேதான் இருக்கும், மீதி கால்வாசி அந்த சூட்டுலயே வெந்துடும். சாளை, நெத்திலின்னா மீன் போட்டு ஒரு கொதி வந்ததும் அணைச்சுடுங்க, கரண்டி போடாம சட்டிய புடிச்சு ஒரு சுத்து சுத்துங்க.

சேலம்காரன்
பரவால்ல, மறுநாள் ருசி கூடுதுன்னு நான் சொன்னது சரியாத்தான் இருக்கு. பழைய சட்டில எறங்கின மசாலாவும் சேந்துதான் அந்த ருசி வருதுன்னு இப்பவும் சொல்றேன்.

பாத்திரக்கடை
அத நான் இல்லன்னு சொல்ல மாட்டேன் அண்ணா. மறுநாள் ருசி கூடறது எவர்சில்வர்லயும் நடக்குது, புளியும் காரமும் மீனுக்குள்ள எறங்கறதால. ஆனா எங்க அத்தையோட பழைய சட்டி ருசி எங்க வீட்டுப் புதுச் சட்டில வந்ததில்ல, அது ஏன்னு எனக்கும் பிடிபடல.

மணப்பாடு அக்கா, அந்தப் புள்ளி விழுந்த சட்டிய தூக்கிப் போடாதீங்க. முட்டை, கடலை வேக வைக்க வச்சுக்கோங்க. மறுபடி கருக்கும், கம்பி நார் போட்டு அந்தக் கருப்ப தேய்க்காதீங்க. புள்ளி வழியா தண்ணி கசிய ஆரம்பிச்சா மட்டும் பழைய பாத்திரத்துக்குப் போட்டுடுங்க.

மணப்பாடு மருமக
சரி தம்பி. மாமியார் சட்டில இன்னொண்ணு கேக்கணும், ரொம்ப நாள் எடுக்காம வச்சிருந்ததால காலி சட்டி சூடாகும்போது சிக்குப் புடிச்ச எண்ணெய் வாடை லேசா வருது, குழம்புல தெரியல. வடிகஞ்சி திரும்பக் கொதிக்க வச்சா போயிடுமா?