முகாமில் கண்டறிந்தவர்கள் கிளினிக் போய்ச் சேர என்ன வழி?

டர்பன் சாட்ஸ்வர்த்தில் கோயில் மண்டபத்தில் ஞாயிறு காலையில் சர்க்கரை, ரத்த அழுத்த முகாம் நடத்துகிறோம். இரண்டு நர்ஸ்கள், நான்கு தொண்டர்கள், ஏறக்குறைய 100 பேர்.

அளவுகள் இப்போது நம்பும்படி இருக்கின்றன. வந்தவரை ஐந்து நிமிடம் உட்கார வைத்து, இருமுறை அழுத்தம் பார்க்கிறோம். மேல்கைச் சுற்றளவு 32 செ.மீ. தாண்டினால் பெரிய பட்டை. சின்னதைக் கட்டினால் இல்லாத அழுத்தத்தையும் காட்டிவிடும். பிரசாதம் ஒட்டிய விரலும் அப்படித்தான், சர்க்கரையைக் கூட்டிவிடும். அதனால் கை கழுவித் துடைத்த பிறகே குத்துகிறோம்.

சிக்கல் அதற்குப் பிறகு. அழுத்தம் 140/90, அல்லது எந்நேரச் சர்க்கரை 11.1 mmol/L எட்டினால், உறுதிப்படுத்தும் பரிசோதனைக்கு அரசு கிளினிக்குக்குச் சீட்டு எழுதுகிறோம். 180/110 எட்டி நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே மருத்துவமனை, அவர்கள் போய்விடுகிறார்கள். ஆனால் 168/98, சர்க்கரை 13 என்று வலியே இல்லாமல் இருப்பவர் வேலைநாளில் வரிசையில் நிற்க மனமில்லாமல் விட்டுவிடுகிறார்.

அழைத்துப் பார்த்தோம், பாதி எண்கள் மாறிவிட்டன. கிளினிக்கில் கிழித்துத் தரும் அடிச்சீட்டும் திரும்பவில்லை. தகவல் பகிர எழுத்து ஒப்புதல் வாங்கியிருக்கிறோம்.

ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கம் முகாம் நடத்துபவர்களே, அனுப்பியவர் கிளினிக் போனதை எப்படி உறுதி செய்கிறீர்கள்?