மதுரை–திண்டுக்கல்: பொதுப் பெட்டியில் எங்கே ஏறுவது, எங்கே நிற்பது?

திருநகர் பயணி:
வேலைக்காக வாரம் மூன்று நாள், தெற்கேயிருந்து வரும் விரைவு வண்டியில் காலையில் திண்டுக்கல் போகிறேன். ஒரு மணி நேரத்தை ஒட்டிய பயணம்தான்; உட்கார இடம் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதும் இல்லை. முதல் இரண்டு வாரம் மேம்பாலப் படிக்கட்டை விட்டு இறங்கிய இடத்திலேயே, அதாவது நடைமேடையின் நடுவிலேயே நின்றேன். வண்டி வந்து நின்றால் என் எதிரே இருப்பதெல்லாம் முன்பதிவுப் பெட்டிகள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பொதுப் பெட்டியின் வாசல் அடைந்துவிடும். 22 பெட்டிகள் கொண்ட வண்டி ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் நீளம் என்பதால், நடுவிலிருந்து ஒரு முனைக்குப் போக 250 மீட்டர் நடக்க வேண்டும். கூட்டத்தை விலக்கி நடந்தால் நான்கு நிமிடத்துக்குக் குறையாது. வண்டி அங்கே நிற்பதே அவ்வளவு நேரந்தான்.

இப்போது பத்து நிமிடம் முன்னதாகவே வந்து, பெட்டி வரிசை காட்டும் பலகையில் GEN அல்லது GS என்று எங்கே ஒளிர்கிறது என்று பார்த்து அங்கே போய்விடுகிறேன். நேற்று நின்ற இடத்தில்தான் இன்றும் நிற்கும் என்று நம்பி ஒரு நாள் ஏமாந்தேன். அன்று வேறு வண்டி. நான் கண்ட இன்னொன்று: நடுவிலிருந்து வருகிறவர்கள் முதலில் தென்படும் பொதுப் பெட்டியின் முதல் வாசலிலேயே குவிந்துவிடுகிறார்கள். அடுத்தடுத்து இரண்டு பொதுப் பெட்டிகள் இருந்தால், அதையும் தாண்டி இரண்டாவது பெட்டியின் கடைசி வாசலுக்குப் போனால் பாதிக் கூட்டந்தான் இருக்கிறது. மற்றவர்களின் அனுபவம் என்ன?

கூடல்நகர்க்காரர்:
இவ்வளவு சிரமம் எதற்கு? வண்டியின் கோடியில் SLR என்று ஒரு பெட்டி இருக்கும். நான் அதில்தான் ஏறுவேன். எப்போதும் காலியாகவே இருக்கும்.

சமயநல்லூர் முதியவர்:
நண்பர் சொல்வது பாதி சரி. அந்தப் பெட்டியில் கார்டு அறையும் சரக்கு அறையும் போக மிச்சந்தான் பயணிகளுக்கு. அதிலும் ஒரு பகுதி பல வண்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கப்பட்டது. சிலவற்றில் பெண்களுக்கும் தனி அறை உண்டு. காலியாகத் தெரிவது பெரும்பாலும் அந்த அறைதான், அதில் நாம் ஏறக் கூடாது. வாசலுக்கு மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறுங்கள். முப்பது வருடம் இந்தத் தடத்தில் போய்வந்தவன் என்ற முறையில், எங்கே நிற்பது என்பதையும் சொல்கிறேன். ஏறியவுடன் கழிப்பறைப் பக்கம் ஒதுங்கி நின்றுவிடாதீர்கள். ஏறுகிறவர், இறங்குகிறவர், கை கழுவ வருகிறவர் எல்லாரும் உங்களை இடித்துக்கொண்டேதான் போவார்கள். நடைபாதையின் நடுவே நின்றால் வடைக் கூடைக்காரருக்கு வழிவிட்டு வழிவிட்டே முதுகு நொந்துபோகும். எதிரெதிர் இருக்கைகள் கொண்ட இரண்டாவது அல்லது மூன்றாவது அறையின் வாயிலில், தடுப்புப் பலகையில் முதுகைச் சாய்த்து, மேலே சாமான் பலகையின் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பையைக் கழற்றிக் காலுக்கிடையே வைத்துக்கொள்ளுங்கள். தோளில் கிடக்கும் பை பின்னால் நிற்பவரின் முகத்தில்தான் இடிக்கும்.

வாடிப்பட்டி அக்கா:
நான் பேரனோடு கொடைக்கானல் ரோட்டில் இறங்க வேண்டும், எந்த இருக்கையைப் பதிவு செய்தால் சன்னல் ஓரம் கிடைக்கும்?

திருநகர் பயணி:
அக்கா, இது பதிவு இல்லாத பெட்டியைப் பற்றிய பேச்சு. அதில் இருக்கை எண்ணெல்லாம் கிடையாது.

வாடிப்பட்டி அக்கா:
அப்படியா! ஆனால் போன மாதம் பொதுப் பெட்டியில்தான் போனேன். ஐயா சொல்வதைப் போல உள்ளே தள்ளி நின்றேன். கொடைரோட்டில் வண்டி கொஞ்ச நேரந்தான் நின்றது. வாசலில் பூ மூட்டைகள் கிடந்தன. பேரனைத் தூக்கிக்கொண்டு மூட்டையைத் தாண்டி இறங்குவதற்குள் உயிர் போய்விட்டது. உள்ளே நிற்பது திண்டுக்கல் போகிறவர்களுக்கு வேண்டுமானால் சரி.

சமயநல்லூர் முதியவர்:
அது நியாயந்தான் அம்மா. முந்தின நிலையம் தாண்டியதுமே, இறங்குவதாகச் சொல்லிக்கொண்டு வாசல் பக்கம் நகரத் தொடங்க வேண்டும். எந்தப் பக்க வாசல் என்பதை முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். ஏறிய பக்கத்திலேயே நடைமேடை வரும் என்று நினைத்து எதிர்ப்பக்க வாசலில் மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கூடல்நகர்க்காரர்:
வாசலிலேயே நின்றால் இந்தத் தொல்லையே இல்லையே, காற்றும் வரும்.

சமயநல்லூர் முதியவர்:
வாசலுக்கு உள்பக்கம் நின்றால் பரவாயில்லை. படியில் நின்று பயணம் செய்வது சட்டப்படி குற்றம். அதைவிட, மூட்டைக்காரர் ஒருவர் திரும்பினாலே போதும், நீங்கள் வெளியே.

திருநகர் பயணி:
நாளைக்கு மூன்றாவது அறையின் வாயிலில் நின்று பார்க்கிறேன். திண்டுக்கல்லில் எந்தப் பக்கம் இறங்க வேண்டியிருந்தது என்பதையும் ஒரு வாரம் குறித்துவைத்து இங்கே எழுதுகிறேன். நடைமேடை மாறும் நாள்களில் அது எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களும் சொல்லலாம்.