போர்டு மினிட்ஸை ஒரு பக்கத் தமிழில் சுருக்கினால் நிபந்தனையை விட்டுவிடலாமா?

வடசேரி டெஸ்க்: 14 பக்க ஆங்கில போர்டு மினிட்ஸை ஒரு பக்கத் தமிழில் அடக்கிக் கொடுத்துவிடுகிறேன். ஆலை மேனேஜருக்கு முடிவு மட்டும் போதும். நிபந்தனையும் விவாதமும் ஹெட் ஆபீஸோடு நிற்கட்டும். இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை.

பத்மநாபபுரம் சி.எஸ்.: கடைசி வரியைப் படித்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். படிப்பு தேவையில்லைதான், படித்துப் பார்க்கும் பொறுமை தேவை. நிபந்தனையை ஹெட் ஆபீஸில் நிறுத்திவிட்டு முடிவை மட்டும் ஆலைக்கு அனுப்பினால் அங்கே போய்ச் சேருவது போர்டு எடுத்த முடிவே இல்லை. நீங்கள் எடுத்த முடிவு.

வடசேரி டெஸ்க்: வந்துவிட்டார் கம்பெனி செக்ரட்டரி மேடம். மேனேஜர் என்ன நாற்காலியில் சாய்ந்துகொண்டா படிக்கிறார்? காலையில் ரப்பர் பால் வண்டி வரிசையில் நிற்கும். பீப்பாய் இறக்கும் நேரத்தில் போனில் பார்ப்பார். முதல் மூன்று வரி தாண்டினால் போச்சு. அதனால்தான் நான் முடிவை மேலே போடுகிறேன்.

குலசேகரம் ரப்பர்: நான் அந்தப் பால் வண்டி பக்கம் நிற்கிற ஆள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், கம்பெனி பெயர் வேண்டாம். எங்களுக்கு இரண்டு லேடெக்ஸ் ஆலை. கெட்டிப் பாலைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற ஸ்கிம் பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைத்த பிறகு வருகிற கழிவுநீருக்குத் தொட்டி போதவில்லை. நம்ம ஊரில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. திறந்த தொட்டி நிரம்பினால் நாற்றம் அக்கம்பக்கத்து வீடு வரை போகும், அப்புறம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு போகும். போன வருஷம் மே மாதம் ஆபீஸிலிருந்து தமிழ்க் குறிப்பு வந்தது. "கழிவுநீர்த் தொட்டி விரிவாக்கம்: 18 லட்சம் ஒப்புதல். தொடங்கவும்." அவ்வளவுதான். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று கான்ட்ராக்டரைப் பிடித்து 4 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். மற்ற ஆலைக்காரரும் அதே குறிப்பைப் பார்த்து அவர் பங்குக்கு 18 லட்சத்துக்கு ஆர்டர் போட்டார். பிறகுதான் தெரிந்தது, 18 என்பது இரண்டு ஆலைக்கும் சேர்த்து. கொள்முதல் கமிட்டி மூன்று கொட்டேஷன் பார்த்த பிறகுதான் ஆர்டர் போட வேண்டுமாம். அதுவும் குறிப்பில் இல்லை.

பத்மநாபபுரம் சி.எஸ்.: அண்ணாச்சி, இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது. வடசேரி, நிபந்தனை எங்கே?

வடசேரி டெஸ்க்: அது எழுதினவன் கோளாறு. தொகையைச் சரியாகப் போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. "இரண்டுக்கும் சேர்த்து 18" என்று எழுத ஒரு வரி போதும்.

பத்மநாபபுரம் சி.எஸ்.: தொகையைச் சரி செய்தாயிற்று. அட்வான்ஸ்? அது போயிருக்குமா போயிருக்காதா? நிபந்தனை எங்கே என்று கேட்டேன்.

தீர்மானம் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? முதல் பத்தி "ரிசால்வ்டு தட்" என்று தொடங்கும். தொகை அங்கே இருக்கும், "சப்ஜெக்ட் டு" என்று நிபந்தனை பெரும்பாலும் அதே வாக்கியத்தின் வாலில் தொங்கும். வாக்கியம் ஆறு வரி ஓடுவதால் நான்காவது வரியில் தொகையைப் பார்த்ததும் சுருக்குகிறவர் பேனாவை எடுத்துவிடுவார். இரண்டாவது பத்தி "ரிசால்வ்டு ஃபர்தர் தட்". அதைச் சடங்கு என்று நினைத்து யாரும் படிப்பதில்லை. ஆனால் யார் கையெழுத்துப் போட்டால் காசு வெளியே போகும் என்பது அங்கேதான் இருக்கும். அண்ணாச்சி, உங்கள் மினிட்ஸில் யாருக்கு அந்த அதிகாரம்?

குலசேகரம் ரப்பர்: நிதி இயக்குநருக்கு. பிரச்சினை வெடித்த பிறகு எனக்கு ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பிக் காட்டினார்கள்.

பத்மநாபபுரம் சி.எஸ்.: அப்படியானால் அந்தக் குறிப்பு இப்படி வந்திருக்க வேண்டும்:

"கழிவுநீர்த் தொட்டி (தீர்மானம் 9). நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: மூன்று கொட்டேஷன் வாங்கி 20-ஆம் தேதிக்குள் அனுப்புங்கள். இரண்டு ஆலைக்கும் சேர்த்து 18 லட்சம் வரைதான். கொள்முதல் கமிட்டி பார்த்து, நிதி இயக்குநர் எழுத்தில் சொல்லும் வரை ஆர்டரும் அட்வான்ஸும் கூடாது."

பால் வண்டி பக்கம் நின்று படித்தாலும் முதல் வரியிலேயே வேலை தெரிகிறது. உங்கள் மூன்று வரிக் கணக்கு மிஞ்சிப்போனால் ஐந்து வரி ஆகியிருக்கும். தீர்மான எண்ணை விட்டுவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் "ஒன்பதைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று அவர் போன் போட அதுதான் வழி.

வடசேரி டெஸ்க்: 20-ஆம் தேதி எங்கிருந்து வந்தது? மினிட்ஸில் தேதி இருந்ததா? நீங்களே சேர்த்துக்கொள்ளலாமா? நான் விட்டால் குற்றம், நீங்கள் சேர்த்தால் புலமை!

பத்மநாபபுரம் சி.எஸ்.: அடுத்த கூட்டத்தில் அறிக்கை வைக்க வேண்டும் என்று போர்டு சொன்னால் அதிலிருந்து பின்னோக்கி எண்ணி நிதி இயக்குநர் தேதி கொடுப்பார். அதைக் கேட்டு வாங்கிப் போடுவது சுருக்குகிறவர் வேலை. நானாகப் போடவில்லை.

வடசேரி டெஸ்க்: கேட்டு வாங்கிப் போட்டால் அது சுருக்கம் இல்லை, புதுக் கடிதம்.

குளச்சல் காற்று: எங்கள் படகு சங்கத்தில் இந்தத் தலைவலி கிடையாது. கூட்டம் முடிந்ததும் மைக்கில் வாசித்துவிடுவோம். எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள். ஆங்கிலமே வேண்டாம். கம்பெனிக்காரர்கள் சும்மா பெரிதாக்குகிறார்கள்.

பத்மநாபபுரம் சி.எஸ்.: தம்பி, சங்கத்தில் கேட்கிறவர் எல்லோரும் உறுப்பினர். போர்டு மினிட்ஸைக் கம்பெனியின் பங்குதாரர்கூட வந்து பார்க்க முடியாது, இயக்குநர்கள் பார்க்கலாம். அதனால்தான் மேனேஜருக்கு முழு பிடிஎஃப் போகாமல் குறிப்பு போகிறது. எந்த இயக்குநர் எதிர்த்தார், யார் மேனேஜரைத் திட்டினார் என்பதெல்லாம் குறிப்பில் வரவே கூடாது.

குளச்சல் காற்று: அப்போ மறைக்கத்தானே இவ்வளவு வேலையும்? இதைத்தான் சொன்னேன்.

களியக்காவிளை டிரெயினி: மேடம், ஒரு சந்தேகம். மினிட்ஸில் சேர்மன் கையெழுத்துப் போட்ட பிறகுதான் குறிப்பு அனுப்ப வேண்டுமா? எங்கள் ஆபீஸில் அப்படித்தான் காத்திருக்கிறார்கள்.

பத்மநாபபுரம் சி.எஸ்.: காத்திருந்தால் ஆலை நாறிவிடும். போர்டு கூட்டங்களுக்கான செக்ரட்டேரியல் ஸ்டாண்டர்டு எஸ்.எஸ்.-1 படி 15 நாளுக்குள் வரைவு இயக்குநர்களுக்குப் போக வேண்டும், அவர்கள் கருத்துச் சொல்ல 7 நாள், கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற வேண்டும். கையெழுத்து பல கம்பெனிகளில் அடுத்த கூட்டத்தில்தான் விழும். இரண்டு கூட்டத்துக்கு நடுவே 120 நாள் வரை இடைவெளி இருக்கலாம். ஆனால் தீர்மானம் நிறைவேறிய அன்றைக்கே செல்லும், கையெழுத்துக்காக நிற்காது. அதனால் தீர்மானத்தை வைத்துக் குறிப்பு எழுதுங்கள். விவாதப் பகுதியை வைத்து எழுதாதீர்கள், வரைவு சுற்றி வரும்போது மாறுவது அந்தப் பகுதிதான்.

வடசேரி டெஸ்க்: பார்த்தீர்களா! விவாதம் வேண்டாம், முடிவு போதும் என்று நான் முதலிலேயே சொன்னதை மேடம் இப்போது சட்டம் போட்டுச் சொல்கிறார்.

பத்மநாபபுரம் சி.எஸ்.: விவாதம் வேண்டாம் என்றதில் சண்டை இல்லை. நீங்கள் நிபந்தனையும் வேண்டாம் என்றீர்கள். நிபந்தனை எங்கே?

வடசேரி டெஸ்க்: கிளிப்பிள்ளை மாதிரி அதையே கேட்டால் என்ன செய்வது. நிபந்தனை ஹெட் ஆபீஸ் பொறுப்பு. காசு அங்கேயிருந்துதானே வெளியே போகும்? அவர்கள் தடுக்கட்டும்.

குலசேகரம் ரப்பர்: தம்பி, அந்த 4 லட்சம் ஆலைக் கணக்கிலிருந்து போனது. சில்லறைச் செலவுக்கு எங்களிடம் ஒரு கணக்கு உண்டு. ஹெட் ஆபீஸ் தடுக்க அதில் ஒன்றும் இல்லை.

வடசேரி டெஸ்க்: சில்லறைக் கணக்கில் 4 லட்சமா? அண்ணாச்சி, அப்படியானால் கோளாறு குறிப்பில் இல்லை.

குலசேகரம் ரப்பர்: பால் விலை கொடுக்க வைத்திருக்கிற கணக்கு. சப்ளையர் மாலையில் காசு கேட்பான், கொடுக்காவிட்டால் காலையில் வேறு ஆலைக்குப் போவான். நாகர்கோவிலில் ஏசியில் இருந்துகொண்டு சொல்வது எளிது. கிழக்கே இருக்கிறவர்களுக்கு ரப்பர் வீட்டு வாசலில் போடுகிற மிதியடிதான்.

வடசேரி டெஸ்க்: கிழக்கு மேற்கு என்று ஆரம்பித்தாயிற்றா? போன தீபாவளிக்கு போனஸ் பற்றி நான் எழுதினதிலிருந்தே உங்களுக்கு என் மேல் கறுவல்.

கோட்டாறு சூப்பர்வைசர்: போனஸ் பேச்சு வந்ததால் கேட்கிறேன். முந்திரி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஜெனரேட்டர் வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தோம். போர்டு பேசியதாகக் கேள்வி. குறிப்பில் ஒரு வரியும் இல்லை. வந்துவிடும் என்று ஒருவர் சொல்கிறார், தள்ளிவிட்டார்கள் என்று இன்னொருவர் சொல்கிறார். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

பத்மநாபபுரம் சி.எஸ்.: அக்கா, இதுதான் "முடிவு மட்டும் போதும்" என்பதன் இன்னொரு பலன். முடிவாகாமல் ஒத்திவைத்ததும் நீங்கள் கேட்டதற்கு ஒரு பதில்தான். "ஜெனரேட்டர்: அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு. வாடகைச் செலவு விவரம் கேட்டிருக்கிறார்கள்" என்று ஒரு வரி போட்டால் ஆலையில் வதந்தி ஓடாது. சும்மா தகவலுக்கு வைத்து "நோட்டட்" என்று முடித்ததை விடலாம், அதில் வடசேரி சொல்வது சரி. ஆலை கேட்ட எதையும் விடக் கூடாது.

வடசேரி டெஸ்க்: அப்படியே ஒவ்வொன்றாகச் சேர்த்தால் மூன்று பக்கம் ஆகும். மேனேஜர் படிக்க மாட்டார். எங்கள் ஆபீஸில் நான் எழுதுவது ஒரு பக்கம்தான், இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

குலசேகரம் ரப்பர்: குறை சொல்ல அவர்களுக்கு முழு மினிட்ஸ் கிடைத்தால்தானே?

களியக்காவிளை டிரெயினி: மேடம், நீங்கள் எழுதின மாதிரியை எங்கள் ஆபீஸில் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? தொகையை மாற்றிக்கொள்கிறேன்.

பத்மநாபபுரம் சி.எஸ்.: தொகையை மட்டும் மாற்றினால் நீங்களும் வடசேரி ஆகிவிடுவீர்கள். "சப்ஜெக்ட் டு"வுக்குப் பிறகு வருவதை முதலில் எடுத்து எழுதுங்கள்.

வடசேரி டெஸ்க்: பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்கிற மேடம் சி.எஸ். ஃபைனல் எத்தனையாவது முறையில் பாஸ் செய்தார் என்று நான் கேட்கவில்லை. ஒரு பக்கம்தான். மாற்றமில்லை.

பத்மநாபபுரம் சி.எஸ்.: ஒரு பக்கமே இருக்கட்டும். அதில் நிபந்தனை எங்கே?

குலசேகரம் ரப்பர்: நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தை எண்ணுங்கள். அந்த 4 லட்சத்தை கான்ட்ராக்டர் இன்னும் திருப்பித் தரவில்லை. அதை யார் கணக்கில் எழுதுவது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

குளச்சல் காற்று: மைக்கில் வாசித்திருந்தால் இது வந்திருக்காது.